மலாய் சொல் மனசுல நிக்க: கீவேர்டு, மனசு வீடு பத்தி எல்லாரும் கேக்குற கேள்விங்க

சுங்கை சிப்புட்ல வீட்டோட டியூஷன் சொல்லிக் குடுக்குறேன். வர்ற பிள்ளைங்க முக்கால்வாசி பக்கத்து தோட்டங்கள்லேர்ந்து வர்றவங்க. தமிழ்ப்பள்ளி முடிச்சுட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய்ல திடீர்னு பெரிய பெரிய சொல்லா வந்து நிக்கும், அங்கதான் தடுமாறுவாங்க. அதுக்காக நான் சொல்லிக் குடுக்குற ரெண்டு வழிய பத்தி பிள்ளைங்களும் கேக்குறாங்க, அவங்க அம்மா அப்பாவும் கேக்குறாங்க, பஸார் மாலாம்ல மீன் வாங்கிட்டு இருக்கும்போது கூட நிறுத்தி கேக்குறாங்க, கேள்வி மட்டும் பெரும்பாலும் ஒண்ணுதான். அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டு பதில் எழுதிட்டேன். மலாய் சொல்லையெல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், ஸ்பெல்லிங்குக்கு காமுஸ் பாத்துக்குங்க.

டீச்சர், கீவேர்டு கீவேர்டுனு சொல்றீங்களே, அது என்னான்னு ஒரே ஒரு சொல்ல வச்சு காட்டுங்க.

'முவால்'னு ஒரு மலாய் சொல் இருக்கு. அர்த்தம் குமட்டல், வாந்தி வர்ற மாதிரி இருக்குறது. இத காதால கேட்டா நமக்கு என்ன ஞாபகம் வருது? முயல். சரி, இப்ப ஒரு வெள்ளை முயல் பள்ளி பஸ்ல உங்க பக்கத்து சீட்ல உக்காந்திருக்கு, வளைவுல பஸ் ஆடுது, முயல் ரெண்டு கையாலயும் வாய பொத்திக்கிட்டு கண்ணு பிதுங்க உங்களையே பாக்குது. அவ்ளோதான். நாளைக்கு புத்தகத்துல முவால்னு பாத்தீங்கன்னா மொதல்ல முயல் வரும், முயல் வந்தா பின்னாலயே அந்த பொத்தின வாய் வரும், அதுலேர்ந்து குமட்டல் வந்துடும்.

ரெண்டு படி இருக்கு பாருங்க. புது சொல்லோட சத்தத்துலேர்ந்து தெரிஞ்ச தமிழ் சொல்லுக்கு ஒரு படி, அந்த தமிழ் சொல்லோட படத்துலேர்ந்து அர்த்தத்துக்கு இன்னொரு படி. நடுவுல நிக்குற தமிழ் சொல்தான் கீவேர்டு. அமெரிக்காவுல ஸ்டான்ஃபர்டுல அட்கின்சன், ராஃப்னு ரெண்டு பேர் 1975ல இத ரஷ்ய சொல்லு, ஸ்பானிஷ் சொல்லு வச்சு சோதிச்சு எழுதினாங்க, கீவேர்டுங்குற பேரும் அவங்க குடுத்ததுதான்.

மனசுக்குள்ள வீடு கட்டுறதுனு இன்னொண்ணு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்ல, வேற வேற வேலை. கீவேர்டு ஒரு சொல்ல அதோட அர்த்தத்தோட கட்டிப் போடும். மனசு வீடு, சில பேர் ஞாபக மாளிகைன்னும் சொல்வாங்க, அது கட்டிப் போட்டத எங்க வச்சோம்னு காட்டும். நமக்கு நல்லா தெரிஞ்ச ஒரு எடத்த மனசுல வச்சுக்கிட்டு, அதுல ஒவ்வொரு மூலையிலயும் ஒரு படத்த வச்சுட்டு, அப்புறம் மனசாலயே அந்த வழியா நடந்து போய் ஒவ்வொண்ணா பாக்குறது.

கிரேக்க நாட்டு கவிஞர் சிமோனிடிஸ் பத்தி ஒரு பழைய கதை உண்டு, ரோமாபுரி சிசரோ எழுதி வச்சது. விருந்து நடந்துக்கிட்டு இருந்த மண்டபத்துலேர்ந்து அவர் வெளிய வந்த நேரம் கூரை இடிஞ்சு விழுந்து உள்ள இருந்த அத்தனை பேரும் செத்துட்டாங்க, ஆள் அடையாளமே தெரியல. யார் யார் எந்த எடத்துல உக்காந்திருந்தாங்கன்னு அவருக்கு ஞாபகம் இருந்ததால ஒவ்வொருத்தரா அடையாளம் சொன்னாராம். எடம் ஞாபகம் இருந்தா எடத்துல இருந்தது ஞாபகம் வரும்ங்குறதுதான் இதுல விஷயம். ஆனா சொல்லுக்கு அர்த்தம் வேணும்னா எடம் மட்டும் போதாது, மொதல்ல கீவேர்டு வேணும். நான் எப்பவும் ரெண்டையும் சேத்துதான் சொல்லிக் குடுப்பேன்.

அப்போ காமுஸ்ல இருக்குற எல்லா சொல்லுக்கும் இப்படி படம் போடணுமா? சாவடிச்சிடும் போல இருக்கே.

வேண்டாம்மா. நாலஞ்சு தடவ பாத்தா தானா ஒட்டிக்கிற சொல்ல விட்டுடுங்க. அதுக்கும் மேல, மலாய்ல நம்ம சொல்லே எவ்ளோ கெடக்கு தெரியுமா. கெடாய் நம்ம கடை, காபால் நம்ம கப்பல், பெத்தி நம்ம பெட்டி, காத்தில் நம்ம கட்டில், திராய் நம்ம திரை. இதெல்லாம் நம்ம மொழியிலேர்ந்து அங்க போனது, இதுக்கு முயலும் வேண்டாம் பஸ்ஸும் வேண்டாம்.

ஒரு எடத்துல மட்டும் ஜாக்கிரதை. 'கோலாம்'னா மலாய்ல குளம். அதுவும் நம்ம குளம் போனதுதான், ஆனா பிள்ளைங்க காதுல கோலம்னு விழுந்துடும், ஒருத்தி வாசல்ல போடற கோலம்னு நெனச்சே ஒரு பத்தி முழுசா படிச்சு முடிச்சிருந்தா. இந்த மாதிரி சொல்லுக்கு ரெண்டையும் ஒரே படத்துல போட்டுடுங்க, வாசல்ல போட்ட கோலத்து நடுவுல தண்ணி ஊறி குளமாயிடுச்சு, மாவெல்லாம் மெதக்குது. கீவேர்டு உழைப்ப, எத்தன தடவ பாத்தாலும் நழுவிப் போற சொல்லுக்கு மட்டும் வையுங்க. வாரத்துக்கு பத்து பன்னெண்டுக்கு மேல நான் குடுக்குறதில்ல.

கீவேர்டும் படமும் நீங்களே குடுத்துட்டா நாங்க மனப்பாடம் பண்ணிக்குவோம்ல?

கீவேர்டு நான் குடுப்பேன், படம் நீங்கதான் போடணும். பிள்ளைங்கள கீவேர்டு தேட விட்டா ஒரு சொல்லுக்கே பத்து நிமிஷம் உக்காந்திருப்பாங்க, கடைசில சத்தம் சரியா பொருந்தாத ஒண்ண புடிச்சுட்டு வருவாங்க. சொல்லோட தொடக்கத்து சத்தம் பொருந்தணும், அதுதான் முக்கியம், ஏன்னா ஞாபகம் தொடக்கத்த புடிச்சுக்கிட்டுதான் உள்ள போகும்.

படம் மட்டும் இரவல் வாங்க முடியாது. நான் பள்ளி பஸ் சொன்னேன், உங்க பையன் பஸ்லயே போனதில்ல, அப்பா மோட்டார்லதான் போறான்னா அவன் முயல் மோட்டார் கூடையிலதான் உக்காரணும். இன்னொண்ணு, ரெண்டு பொருளும் ஒண்ணுக்கொண்ணு எதாவது செய்யணும். முயல் ஒரு பக்கம், வாந்தி ஒரு பக்கம்னு பக்கத்துல பக்கத்துல வச்சா நிக்காது. முயல் வாந்திய அடக்கணும். படம் நல்லா இருக்கா இல்லையான்னு எப்படி தெரிஞ்சுக்குறதுன்னா, கண்ண மூடிட்டு 'அடுத்த நிமிஷம் என்ன நடக்கும்'னு கேட்டுப் பாருங்க, பதில் வந்தா அது நல்ல படம்.

முயல், வாந்தி எல்லாம் சரி. கவனக்குறைவுனு ஒரு சொல்லு, அத எப்படி படமா போடுவீங்க?

நல்ல கேள்வி, பாதி பேர் இங்கதான் விட்டுட்டு போயிடுறாங்க. கட்டுரையில வர்ற சொல்லெல்லாம் இந்த மாதிரிதான் இருக்கும், கைல தொட முடியாதது. 'ச்சுவாய்'னா கவனக்குறைவு. கீவேர்டு சுவை. கவனக்குறைவ படம் போட முடியாது, ஆனா கவனக்குறைவா ஒருத்தர் செய்யற காரியத்த போடலாம். கல்யாண வீட்டுல சமையல்காரர் போன்ல பேசிக்கிட்டே சாம்பார்ல உப்ப கொட்டுறாரு, திரும்ப கொட்டுறாரு, சுவை பாக்கவே இல்ல, பந்தியில மொத வாய் வச்ச மாமா மூஞ்சி கோணிப் போகுது. சுவை பாக்காததுதான் அங்க ச்சுவாய்.

குணத்துக்கு அந்த குணம் உள்ள ஆள், உணர்ச்சிக்கு அந்த உணர்ச்சியில இருக்குற மூஞ்சி, நிலைமைக்கு அந்த நிலைமையில நடக்குற ஒரு காரியம். இந்த மூணுல எதாவது ஒண்ணு பொருந்திடும். ஆள் உங்களுக்கு தெரிஞ்ச ஆளா இருந்தா இன்னும் நல்லது.

எங்க வீடு ரெண்டு ரூம்தான் டீச்சர், மாளிகைக்கு எங்க போறது?

ரெண்டு ரூமே நெறைய. பெருசா இருக்கணும்னு இல்ல, கண்ண மூடினா தடுமாறாம நடக்கத் தெரியணும், அதுதான் கணக்கு. ஒரு ஃபோர்ம் டூ பிள்ளையோட போன மாசம் உக்காந்து செஞ்சத அப்படியே சொல்றேன். மொதல்ல அவள வீட்டுக்குள்ள நடக்க வச்சேன், உண்மையாவே, காலால. கேட்டுலேர்ந்து ஆரம்பிச்சு நேரா உள்ள போய் பின்னால முடிக்கணும், போன வழியில திரும்பக் கூடாது. ஆறு எடம் எடுத்தோம்: கேட்டு, மோட்டார் நிறுத்துற எடம், வாசப்படி, சாமி மேடை, டிவி, குசினி சிங்கி. சொல்லே குடுக்காம வெறும் எடத்த மட்டும் முன்னாலேர்ந்து பின்னால, பின்னாலேர்ந்து முன்னால சொல்ல வச்சேன், தயங்காம வர்ற வரைக்கும். இத அவசரப்பட்டு விட்டுட்டா அப்புறம் எல்லாமே ஆடும்.

அப்புறம் ஆறு சொல். கேட்டுல 'ஆடு', மலாய்ல புகார் சொல்றது, அரசாங்க ஆபீஸ்ல ஆடுவான் கவுண்டர்னு போட்டிருக்கும்ல, அதேதான். ஒரு ஆடு புகார் பாரத்த வாயில கவ்விக்கிட்டு கேட்ட முட்டி முட்டி கத்துது. மோட்டார் கூடையில நம்ம முவால் முயல். வாசப்படியில 'காலுட்', பதட்டத்துல தடுமாறுறது, கீவேர்டு கழுத்து: அவ அண்ணன் பள்ளிக்கு நேரமாச்சுன்னு ஷூ ஒரு கால்ல, டை கழுத்த இறுக்கி முடிச்சு அவுக்க முடியாம வாசப்படியிலயே சுத்தி சுத்தி வர்றான். சாமி மேடையில 'புடார்', சாயம் போனது, மங்கிப் போனது, கீவேர்டு புதர்: மேடை மேல ஒரு புதர் மொளச்சிருக்கு, இலையெல்லாம் பத்து வருஷம் வெயில்ல காஞ்ச பள்ளிச் சட்டை மாதிரி வெளுத்துப் போயிருக்கு. டிவி முன்னால 'முருங்', மனசு சோர்ந்து வாடிப் போயிருக்குறது: அவ தாத்தா கைல முருங்கக்காய் கட்ட புடிச்சுக்கிட்டு, அணைஞ்சு கெடக்குற டிவிய வெறிச்சு பாத்துக்கிட்டு இருக்காரு, யார் கூப்பிட்டாலும் திரும்பல. சிங்கில 'காராம்', கப்பல் மூழ்கிப் போறது, கீவேர்டு காரம்: சிங்கி நெறைய செக்கச் செவேல்னு சம்பல், அதுல ஒரு பொம்மை கப்பல் மூழ்குது, கேப்டன் கண்ணெல்லாம் எரிச்சல்.

ஒவ்வொரு எடத்துலயும் பத்து விநாடி நிக்க வச்சேன். ஆறும் முடிஞ்சதும் ரெண்டாவது தடவ அவளே நடந்தா. அஞ்சு வந்துச்சு, சாமி மேடை மட்டும் காலி. ஏன்னு கேட்டா, சாமி மேடையில செடி பூ இருக்குறது சகஜம்தானே டீச்சர், அதனால கண்ணுக்கு படலைங்குறா. சரியா சொன்னா. எடத்தோட கலந்து போற படம் நிக்காது. புதர மேடையிலேர்ந்து எறக்கி சாமி படத்துக்கு போத்தின பட்டுத்துணிக்குள்ள வச்சோம், துணிய தூக்கினா உள்ள வெளுத்த புதர், அதுக்கப்புறம் அது போகவே இல்ல.

நாங்க பொறந்து வளந்த லயமெல்லாம் இடிச்சு செம்பனை நட்டுட்டாங்க டீச்சர், இல்லாத எடத்த வச்சு பண்ண முடியுமா?

இத கேட்டது ஒரு பாட்டி, பேரனுக்கு சொல்லிக் குடுக்கணும்னு வந்தவங்க. தாராளமா பண்ணலாம் பாட்டி. எடம் நெசத்துல இருக்கணும்னு அவசியமே இல்ல, உங்க மனசுல இருந்தா போதும். அவங்கள கண்ண மூடிட்டு சொல்லச் சொன்னேன். பெரட்டுக்களம், அதுக்கு எதுத்தாப்ல கிராணி ஆபீஸ், ஆயாக்கொட்டகை, பால் ஸ்டோர், ஸ்டோர் வாசல்ல எடை போடற தராசு, மாரியம்மன் கோயில், கோயில் பின்னால தண்ணிக் குழாய், அப்புறம் எட்டாம் நம்பர் வீடு அவங்க வீடு. நிறுத்தாம சொல்லிக்கிட்டே போறாங்க, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. முப்பது எடத்துக்கு மேல வந்துச்சு, ஒண்ணு கூட மாறல.

பேரனுக்கு அந்த தோட்டம் தெரியாது, அதனால அவனுக்கு அது உதவாது, அவன் வீட்டத்தான் அவன் எடுக்கணும். பாட்டிக்கு ஆஸ்பத்திரி கிளினிக்ல மலாய்ல பேச பத்து சொல் வேணும்னாங்க, அத அவங்க லயத்துலயே வச்சோம். கித்தா பால் நாத்தம் அடிக்கிற ஸ்டோர்லதான் முவால வச்சாங்க. முயலே தேவப்படல, அந்த நாத்தத்துக்கே குமட்டல் வந்துடும்னாங்க.

ஒரே வீட்டுல வாரா வாரம் புது சொல் வச்சா எல்லாம் கலந்துடாதா?

கலந்துடும். அதே கேட்டுல இந்த வாரம் ஆடு, அடுத்த வாரம் வேற ஒண்ணுன்னு வச்சா ரெண்டும் சேந்து வந்து நிக்கும். அதனால ஒரு வழிய ஒரு தொகுதி சொல்லுக்கு குடுத்துடுங்க, அது நல்லா பழகுற வரைக்கும் அந்த வழியில வேற எதையும் வைக்காதீங்க. வீடு, பள்ளிக்கு போற வழி, பாட்டி வீடு, கோயில், டவுன்ல கடை வரிசை, யோசிச்சா ஆளுக்கு அஞ்சாறு வழி கண்டிப்பா இருக்கும். சொல் பழகி, படம் இல்லாமலே அர்த்தம் வர ஆரம்பிச்சதும் அந்த எடம் காலியாயிடும், மறுபடி வாடகைக்கு விடலாம்.

நீளமான வழியா இருந்தா அஞ்சாவது எடத்துக்கெல்லாம் ஒரு அடையாளம் வையுங்க. இது ரொம்ப பழைய யோசனை, கிறிஸ்துவுக்கு முன்னால முதல் நூற்றாண்டுல எழுதின ஒரு லத்தீன் பாடப் புத்தகத்துலயே இருக்கு, அஞ்சாவது எடத்துல ஒரு தங்கக் கைய வச்சுக்கோங்குது, கைக்கு அஞ்சு விரல்ல அதனால. எடத்துக்கு எடம் சுமார் முப்பது அடி தள்ளி இருக்கட்டும்னும் அதுலயே சொல்லியிருக்கு, நம்ம வீட்டுல அவ்ளோ தூரம் இல்ல, இருந்தாலும் பக்கத்து பக்கத்துல ஒரே மாதிரி ரெண்டு கதவு, ரெண்டு ஜன்னல் எடுக்காதீங்க, அதுதான் குழப்பும்.

மலாய் சொல்ல பாத்தா அர்த்தம் வந்துடுது, ஆனா கட்டுரை எழுதும்போது அந்த சொல் வரவே மாட்டேங்குது. ஏன்?

இது கீவேர்டோட உண்மையான குறை, மறைச்சு பிரயோஜனம் இல்ல. அது சொல்லுலேர்ந்து அர்த்தத்துக்கு போற பாலம், திரும்பி வர்ற பக்கம் பாதை குறுகல். சோகமா வாடிப் போயிருக்கான்னு எழுதணும்னா தாத்தா வருவாரு, முருங்கக்காய் வரும், ஆனா முருங்கக்காய்லேர்ந்து எவ்ளோ வெட்டினா மலாய் சொல்லு? ஒரு பையன் முருங்கைன்னே எழுதிட்டு வந்தான், மலாய் எழுத்துலதான், ஆனா 'கை'யோட. கீவேர்டு சொல்லோட ஒரு பகுதிக்கு மட்டும்தான் பொறுப்பு, மிச்சத்த வாயும் கையும் பழகணும்.

அதனால படம் போட்ட அன்னிக்கே மூணு வேலை செய்யச் சொல்றேன். சொல்ல சத்தமா அஞ்சு தடவ சொல்லணும், முருங், முருங், கடைசில 'ங்'ல நிக்கணும். பாக்காம ஸ்பெல்லிங் எழுதணும். அப்புறம் தமிழ் அர்த்தத்த மட்டும் ஒரு அட்டையில பாத்து மலாய் சொல்ல சொல்லணும், எதிர் பக்கமா. இந்த மூணாவதத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. இன்னொரு வழியும் இருக்கு, அங்கதான் மனசு வீடு கை குடுக்கும்: கட்டுரைக்கான சொல்ல தலைப்பு வாரியா ஒரே ரூம்ல வையுங்க. ஹால் முழுக்க மனசு சம்பந்தப்பட்டது, குசினி முழுக்க விபத்து சம்பந்தப்பட்டது. விபத்து பத்தி கட்டுரைன்னதும் நேரா குசினிக்கு போய் ச்சுவாய் எடுக்கலாம், சும்மா வானத்த பாத்து யோசிக்க வேண்டியதில்ல.

என் மகன் 'மக்கானான் ஊசாங்'னு எழுதி தப்பு வாங்கிட்டு வந்தான். கீவேர்டு நீங்க குடுத்ததுதானே டீச்சர்?

ஆமாம்மா, நான்தான் குடுத்தேன், தப்பும் என்னோடதுதான். ஊசாங்னா பழசாகி உபயோகம் போனது, பழைய கட்டடம், காலாவதியான தொழில்நுட்பம், அதுக்கெல்லாம் சொல்றது. நான் ஊசிப்போச்சுன்னு கீவேர்டு குடுத்தேன், சத்தமும் பொருந்துது, அர்த்தமும் கிட்டத்தட்ட ஒட்டுதேன்னு சந்தோஷமா குடுத்தேன். அந்த கிட்டத்தட்டதான் கெடுத்துச்சு. ஊசிப்போன சோறுங்குற அர்த்தம் உள்ள பூந்து உண்மையான அர்த்தத்த தள்ளிடுச்சு. கெட்டுப்போன சாப்பாட்டுக்கு மலாய்ல பாசி.

அதுலேர்ந்து ஒரு பழக்கம் வச்சிருக்கேன், கீவேர்டோட அர்த்தமும் சொல்லோட அர்த்தமும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்கணும். முயலுக்கும் குமட்டலுக்கும் சம்பந்தம் இல்ல, அதனால யாரும் முவால்னா முயல்னு எழுத மாட்டாங்க. ஊசாங்குக்கு இப்ப ஊசி குடுக்குறேன்: இடிஞ்சு விழப்போற பழைய கிளினிக், உள்ள துருப்பிடிச்ச ஒரே ஒரு ஊசி. அதோட எப்பவும் ஜோடி சொல்லோடவே கத்துக்குங்க, பாங்குனான் ஊசாங், பழைய கட்டடம். எந்த சொல்லோட சேரும்னு தெரிஞ்சா இந்த தப்பு வராது.

சொல்லு முன்னால மெ, பெ, கெனு ஒட்டிக்கிட்டு வந்தா என் கீவேர்டே காணாம போயிடுது.

கீவேர்ட எப்பவும் காத்தா டாசாருக்குத்தான் போடணும், அதாவது வேர்ச்சொல்லுக்கு. ச்சுவாய் தெரிஞ்சா கெச்சுவாயான் கண்ணுக்கு படும், முருங் தெரிஞ்சா கெமுருங்ஙான் தெரியும், அது மனச்சோர்வு. ரெண்டு பக்கமும் ஒட்டினத உரிச்சுட்டா நடுவுல நம்ம ஆள் உக்காந்திருப்பாரு.

பிரச்சன எங்க வருதுன்னா, மெ ஒட்டும்போது ப, த, க, ஸ சத்தத்துல ஆரம்பிக்கிற வேர்ச்சொல்லுக்கு அந்த மொத சத்தமே போயிடும். புடார் மெமுடார்கான் ஆயிடும், காராம் மெங்ஙாராம்கான் ஆயிடும். புதர தேடினா பு-வே இல்ல. அதனால இந்த நாலு எழுத்துல ஆரம்பிக்கிற சொல்லா இருந்தா அட்டையோட பின்னால அந்த மெ வடிவத்தையும் எழுதி, சத்தமா சேத்து சொல்லிப் பழகுங்க: புடார் மெமுடார்கான், புடார் மெமுடார்கான். இதுக்கு தனியா படம் போட ஆரம்பிச்சா முடிவே இருக்காது, வாய்ப்பழக்கம் போதும்.

ரெண்டு மாசம் கழிச்சு பாத்தா பாதி மறந்துடுச்சு. அப்போ இதெல்லாம் சும்மாவா?

சும்மா இல்ல, ஆனா ஒரு தடவ பண்ணினா காலத்துக்கும் நிக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மேல சொன்ன அட்கின்சன், ராஃப் ரஷ்ய சொல் சோதனையில மூணு நாள்ல 120 சொல் குடுத்தாங்க, நாளைக்கு 40. முடிஞ்சதும் கீவேர்டு கூட்டத்துக்கு 72 சதவீதம் ஞாபகம் இருந்துச்சு, மத்தவங்களுக்கு 46. ஆறு வாரம் கழிச்சு சொல்லாம கொள்ளாம திரும்ப சோதிச்சா கீவேர்டு கூட்டம் 43, மத்தவங்க 28. அப்பவும் முன்னாலதான், ஆனா 72லேர்ந்து 43க்கு எறங்கியிருக்கு பாருங்க. அப்புறம் வந்த சில ஆராய்ச்சியில, நடுவுல திரும்பி பாக்காம விட்டா கீவேர்டுல படிச்சது சீக்கிரமாவே மறக்குதுன்னும் வந்திருக்கு.

நான் பிள்ளைங்களுக்கு வச்சிருக்குற கணக்கு இது: அன்னிக்கு ராத்திரி படுக்கும்போது ஒரு நடை, மறுநாள் காலையில பசியாறும்போது ஒண்ணு, மூணாம் நாள் ஒண்ணு, ஒரு வாரம் கழிச்சு ஒண்ணு, அப்புறம் மூணு வாரம் கழிச்சு. ஆறு எடத்து வழிய நடக்க ஒரு நிமிஷம் போதும். நடக்கும்போது படத்த பாத்து ரசிச்சுட்டு போயிடாதீங்க, ஒவ்வொரு எடத்துலயும் மலாய் சொல்ல வாய் விட்டு சொல்லணும். படம் மட்டும் வருது சொல் வரலைன்னா கீவேர்டு பலவீனம், எடம் காலியா இருந்தா படம் பலவீனம். எது ஒடஞ்சிருக்குன்னு இப்படித்தான் கண்டுபுடிக்கணும், ஒடஞ்சத மட்டும் சரி பண்ணுங்க, மொத்தத்தையும் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம்.

கண்ண மூடினா எனக்கு இருட்டுதான் தெரியுது, படமே வர்றதில்ல. எனக்கு இது ஆகாதா?

படம்னா சினிமா மாதிரி தெரியணும்னு இல்ல. நெறைய பேருக்கு மங்கலாத்தான் வரும், சில பேருக்கு சுத்தமா வராது, அது ஒரு குறையும் இல்ல. கேட்டுல ஆடு முட்டுதுன்னு உங்களுக்கு தெரிஞ்சா போதும். கதையா ஒரு வரி சொல்லிக்கங்க, 'ஆடு கேட்ட முட்டி புகார் குடுக்குது'. இல்லன்னா சத்தம், வாசனை, தொடுறது வச்சு செய்யுங்க, அந்த பாட்டிக்கு கித்தா பால் நாத்தம் வேலை செஞ்ச மாதிரி. என்கிட்ட படிச்ச ஒரு பையன் உண்மையாவே எழுந்து அந்தந்த எடத்துல போய் நின்னு நடிச்சு காட்டுவான், கழுத்த புடிச்சுக்கிட்டு வாசப்படியில சுத்துவான். அவனுக்கு அப்படித்தான் நின்னுச்சு.

சோதனையில ஒவ்வொரு சொல்லுக்கும் கேட்டுலேர்ந்து நடந்து போனா நேரம் பத்துமா?

பத்தாது, ஆனா நீங்க நடக்கவே மாட்டீங்க. மொத வாரம் முவால்னு பாத்தா முயல், பஸ், பொத்தின வாய், அப்புறம் குமட்டல்னு சுத்தி வரும். மேல சொன்ன மாதிரி மூணு வாரம் திரும்பிப் பாத்து, ரெண்டு மூணு கட்டுரையில எழுதியும் பாத்தா, முவால்னதும் குமட்டல்தான் வரும், முயல் வராது. யாராவது கேட்டாத்தான் ஆமா, ஒரு முயல் இருந்துச்சுல்லன்னு ஞாபகம் வரும். அப்படி ஆயிடுச்சான்னு பாக்க நான் கடிகாரத்த வச்சு கேப்பேன், சொல்ல காட்டி ரெண்டு விநாடிக்குள்ள அர்த்தம் சொன்னா அந்த அட்டைய டப்பாவுலேர்ந்து எடுத்துடுவோம். இன்னும் யோசிச்சு யோசிச்சு சொன்னா அது இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு, சோதனைக்கு முன்னால அந்த சொல்ல வாக்கியத்துல வச்சு இன்னும் நாலு தடவ எழுதணும். போன மாசம் ஆறு சொல் படிச்சாளே அந்த ஃபோர்ம் டூ பிள்ளை, இப்ப அவ டப்பாவுல மிச்சம் இருக்குறது புடார் மட்டும்தான், அதுவும் மெமுடார்கான் ஸ்பெல்லிங்குக்காக.